பாலிசி ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பதும் இல்லாததும்
வரம்பு, விலக்கு, காத்திருப்புக் காலம் ஆகியவற்றைப் பட்டியலிடும் முறை

எங்கள் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்கு வருவோரில் பலர் பாலிசிப் புத்தகத்தைக் கொண்டுவருவதில்லை, கைப்பேசியையே நீட்டுகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகனோ மகளோ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் அதில் இருக்கும். “ஐந்து லட்சம் இருக்கிறது ஐயா, எல்லாம் கிடைக்கும்தானே?” என்பதே பெரும்பாலும் முதற்கேள்வி. அந்தப் படத்தில் உள்ளவற்றை ஒரு தாளில் முறையாக எழுதிப் பார்த்தால், அந்தக் கேள்விக்கான விடையில் பாதியைக் குடும்பத்தாரே கண்டுகொள்ள முடியும். மீதிப் பாதி படத்தில் இல்லை என்பதும் அப்போது தெரிந்துவிடும். அதை எப்படி எழுதுவது என்பதே இந்த இதழின் பாடம்.

முதலில், கையில் இருப்பது எதன் படம் என்று பாருங்கள். மூன்று வகைப் படங்கள் எங்களிடம் வருகின்றன. ஒன்று, விற்பனைக்காக அச்சிட்ட விளம்பரத் தாளின் படம். அது உங்கள் பாலிசி அன்று. இரண்டு, நிறுவனத்தின் செயலியில் தோன்றும் முகப்புத் திரை. அதில் பெயர், காப்பீட்டுத் தொகை, முடியும் தேதி ஆகியவை இருக்கும். வரம்புகள் பெரும்பாலும் இரா. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. அதன் தலைப்பில் “Customer Information Sheet” என்று இருக்கும். வாடிக்கையாளர் தகவல் தாள் என்று சொல்லலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதன் வடிவத்தைத் திருத்தி, 2024 ஜனவரி 1 முதல் எல்லா மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் அதே வடிவில் தரவேண்டும் என்று ஆணையிட்டது. கேட்டால் அதை உள்ளூர் மொழியிலும் தரவேண்டும். ஆகவே தமிழில் வேண்டும் என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

இந்தத் தாளில் தலைப்பு, விளக்கம், பாலிசிப் பிரிவு எண் என்று பத்திகள் உண்டு. வலது ஓரத்தில் உள்ள பிரிவு எண்தான் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது முதலில் வெட்டுப்படுகிறது. அதை வெட்டாதீர்கள். ‘குடலிறக்கம், 24 மாதம்’ என்ற வரியைப் பற்றி நிறுவனத்திடம் கேள்வி கேட்கும்போது அந்த எண்ணே உங்கள் கைப்பிடி. ஒரு படத்தின் கடைசி வரி அடுத்த படத்தின் முதல் வரியாக வரும்படி எடுத்து, படங்களுக்கு 1, 2, 3 என்று எண்ணிடுங்கள். நடுவில் ஒரு வரி விழுந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும். நட்சத்திரக் குறி கண்டால் அதற்குரிய அடிக்குறிப்பு எந்தப் படத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். குடும்பக் குழுவில் படத்தைப் பகிர்வதாயின், பாலிசி எண்ணையும் கைப்பேசி எண்ணையும் மறைத்துவிடுவது நல்லது.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மேலூர்ப் பக்கத்தில் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடும் பெரியவர் ஒருவர், வயது 58. எட்டு மாதமாகத் தொடையிடுக்கில் வீக்கம். மருத்துவர் குடலிறக்கம் என்று சொல்லி, அறுவை சிகிச்சை வேண்டும், ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்றார். இது 2025 மார்ச் மாதம். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் பாலிசித் தாளின் ஸ்கிரீன்ஷாட்களைத் தங்கைக்கு அனுப்பினார். தங்கைதான் தந்தையுடன் மருத்துவமனைக்கு வந்திருப்பவர். அவர் கையில் ஒரு கோடுபோட்ட நோட்டும் உண்டு.

அவர்களுடைய பாலிசி ஆரோக்கிய சஞ்சீவனி. இது 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பொதுப் பாலிசி. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. அதனால்தான் இதைப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். உங்களுடையது வேறு பாலிசி என்றால் எண்கள் மாறும். எழுதும் முறை மாறாது. பெரியவரின் காப்பீட்டுத் தொகை, அதாவது படத்தில் “Sum Insured” என்று இருப்பது, 2 லட்சம் ரூபாய்.

மகள் நோட்டில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளட்டும். எதற்கு, எவ்வளவு, எந்த நாளிலிருந்து, எந்த நிபந்தனையோடு. இந்த நான்கும் நிரம்பினால்தான் ஒரு வரி முழுமையாகும். நிரப்ப முடியாத கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது. ‘படத்தில் காணவில்லை’ என்று எழுத வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. ‘அறை வாடகை வரம்பு இல்லை’ என்று எழுதிவைத்த குடும்பம் எந்த அறையையும் எடுத்துவிடும். ‘படத்தில் காணவில்லை’ என்று எழுதிய குடும்பம் அறை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்கும்.

வரம்புகள்

பெரியவரின் படத்தில் அறை வாடகை பற்றிய வரி இவ்வாறு சொல்கிறது: காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, நாளொன்றுக்கு மிகுதியாக 5,000 ரூபாய். மகன் அனுப்பிய செய்தியில் ‘ரூம் 5,000 வரை’ என்று இருந்தது. கண்ணுக்கு முதலில் படுவது அந்த எண்தான். ஆனால் 2 லட்சத்தில் 2 விழுக்காடு 4,000 ரூபாயே. இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு. ஆகவே நோட்டில் 4,000 என்று எழுத வேண்டும்.

அதே படத்தில் கண்புரை அறுவைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அது என்று இருக்கிறது. இங்கே 25 விழுக்காடு 50,000 ஆகிறது. ஆகவே 40,000தான் வரம்பு. ஒரு வரியில் விழுக்காடு வென்றது, மறு வரியில் ரூபாய் வென்றது. விழுக்காடு கண்ட இடமெல்லாம் உங்கள் தொகையை வைத்துக் கணக்கிட்டு, வந்த ரூபாயை எழுதுங்கள். விழுக்காட்டை மட்டும் நோட்டில் விட்டுவைக்காதீர்கள்.

அறை வரம்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த வரியில் அறை, உணவு, செவிலியர் கவனிப்பு ஆகிய மூன்றும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. மருத்துவமனைக் கட்டணப் பலகையில் அறைக்கு 3,800 ரூபாய் என்று இருந்து, செவிலியர் கட்டணம் தனியாக 700 ரூபாய் என்றால், பாலிசியின் கண்ணில் அது 4,500 ரூபாய் அறை. வரம்புக்குள் இருக்கிறோம் என்று நினைத்தவர்கள் வெளியே போய்விட்டார்கள். சேர்க்கையின்போதே, “செவிலியர் கட்டணத்தோடு சேர்த்து நாளொன்றுக்கு எவ்வளவு?” என்று கேளுங்கள்.

வரம்பு மீறினால் மீறிய தொகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. அறைக்கு ஏற்ப உயரும் மற்றக் கட்டணங்களும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். பெரியவரின் குடும்பம் செவிலியர் கட்டணம் உட்பட நாளொன்றுக்கு 6,000 ரூபாய் அறையில் மூன்று நாள் தங்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக எடுத்த தொகைகள்.

அறைக்கு 18,000 ரூபாய். அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு ஆகியவற்றுக்கு 45,000. மருந்து, வயிற்றுச் சுவரில் வைக்கும் வலை, பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு 24,000. சலவை, டயப்பர், உதவியாளர் முதலியவற்றுக்கு 1,000. மொத்தம் 88,000.

வரம்பு 4,000, எடுத்தது 6,000. விகிதம் மூன்றில் இரண்டு. அறைக்கு 18,000இல் 12,000 கிடைக்கும். 45,000இல் 30,000 கிடைக்கும். மருந்து, உடலில் பொருத்தும் சாதனம், பரிசோதனை ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்று ஆணையம் வரையறுத்திருப்பதால் 24,000 முழுமையாக நிற்கும். கடைசி 1,000 எந்த நிலையிலும் கிடையாது. ஆக 66,000. இதில் 5 விழுக்காடு கோ-பே, அதாவது ஒவ்வொரு கோரிக்கையிலும் நோயாளி தாமே ஏற்கவேண்டிய பங்கு, 3,300 போக 62,700 ரூபாய் கிடைக்கும். குடும்பம் கட்டவேண்டியது 25,300.

அதே சிகிச்சையை 4,000 ரூபாய் அறையில் பெற்று, மற்றக் கட்டணங்கள் மாறவில்லை என்று கொண்டால், மொத்தம் 82,000. ஏற்கத்தக்கது 81,000, கோ-பே 4,050, கிடைப்பது 76,950, குடும்பம் கட்டுவது 5,050. அறையில் மூன்று நாளுக்கு உள்ள வேறுபாடு 6,000 ரூபாய்தான். கையிலிருந்து போவதில் உள்ள வேறுபாடு 20,250 ரூபாய். எந்த அறையாயினும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனையில் இந்த விகித வெட்டைச் செய்யக் கூடாது என்பதும் விதியே; அதைப் பற்றிய விவரத்தைக் கட்டணப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் விகித வெட்டு இல்லை. ஆனால் அதற்கென்று தனி வரம்பு உண்டு: இந்தப் பாலிசியில் 5 விழுக்காடு, மிகுதியாக நாளுக்கு 10,000.

“காப்பீட்டுத் தொகை வரை” என்று பொருள்படும் “Up to SI” என்ற சொற்களையும் எச்சரிக்கையோடு எழுதுங்கள். அது அந்தச் சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு இல்லை என்று மட்டுமே சொல்கிறது. அறை வரம்பும் கோ-பேயும் அங்கேயும் தொடர்ந்து செல்லும்.

விலக்குகள்

படத்தில் “Exclusions” என்ற தலைப்பின் கீழ் `Excl01`, `Excl02` என்று `Excl18` வரை குறியீடுகள் இருக்கும். எல்லா நிறுவனங்களிலும் குறியீடு ஒன்றுக்குப் பொருள் ஒன்றே. இதைப் பார்த்து அஞ்சிப்போகும் குடும்பங்களையும் கண்டிருக்கிறோம். பாராமலே விட்டவர்களையும் கண்டிருக்கிறோம்.

முதல் மூன்றும் உண்மையில் விலக்குகள் அல்ல, காத்திருப்புக் காலங்கள். `Excl01` பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்களுக்கு உரியது. `Excl02` பெயர் குறிப்பிட்ட சில நோய்களுக்கும் அறுவைகளுக்கும் உரியது. `Excl03` முதல் 30 நாளுக்கு உரியது. விபத்துக்கு அது பொருந்தாது. இவை மூன்றும் ஒரு நாளில் முடிந்துவிடும். நோட்டில் இவற்றை விலக்குப் பக்கத்தில் எழுதாமல், தேதியோடு தனிப்பக்கத்தில் எழுதுங்கள்.

நான்கு முதல் பதினெட்டு வரை உள்ளவையே எத்தனை ஆண்டு பிரீமியம் கட்டினாலும் நீங்காதவை. உங்கள் பாலிசி தனியாக ஏதேனும் ஒன்றைச் சேர்த்துத் தந்திருந்தாலொழிய. அழகுக்காகச் செய்யும் அறுவை, குழந்தையின்மை சிகிச்சை, மகப்பேறு, 7.5 டயாப்டருக்குக் குறைந்த பார்வைக் குறையைச் சரிசெய்யும் சிகிச்சை முதலியவை இவற்றில் அடங்கும். பதினைந்தையும் படியெடுக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை மட்டும் எழுதுங்கள்.

எல்லா வீட்டுக்கும் பொருந்துவது ஒன்று உண்டு, அது `Excl04`. பரிசோதனை செய்து பார்ப்பதற்காகவே உள்நோயாளியாகச் சேர்ந்தால் அந்தச் செலவு ஏற்கப்படாது. “இரண்டு நாள் சேர்த்துவிட்டு எல்லா டெஸ்டும் எடுத்துவிடலாம், காப்பீடு இருக்கிறதே” என்று உறவினர் சொல்லும் யோசனை இங்கேதான் முட்டி நிற்கும். சேர்த்தே சிகிச்சை தரவேண்டிய நிலை இருந்தது என்பது மருத்துவரின் குறிப்பில் இருக்க வேண்டும்.

காத்திருப்புக் காலம்

இதில்தான் ஸ்கிரீன்ஷாட் மிகுதியாக ஏமாற்றுகிறது.

பெரியவரின் படத்தில் பாலிசிக் காலம் 10-06-2024 முதல் 09-06-2025 வரை என்று இருந்தது. குடலிறக்கம், எந்த வகையாயினும், 24 மாதப் பட்டியலில் இருக்கிறது. மகன் கணக்குப் போட்டார்: 2024 ஜூனிலிருந்து 24 மாதம் என்றால் 2026 ஜூன், இன்னும் பதினைந்து மாதம். அவ்வளவு காலம் தள்ளிப்போட முடியாது, கடன் வாங்கியாவது இப்போதே செய்துவிடுவோம் என்று வீட்டில் முடிவாயிற்று.

அந்த முடிவுக்கு அடிப்படையான தேதி தவறு. படத்தில் இருப்பது நடப்பு ஆண்டின் தொடக்கம். காத்திருப்புக் காலம் எண்ணப்படுவது முதன்முதல் பாலிசி எடுத்த நாளிலிருந்து, இடையில் விடாமல் புதுப்பித்து வந்திருந்தால். அந்த நாள் பாலிசி அட்டவணையில் “Date of first inception” அல்லது அதுபோன்ற சொற்களில் வேறொரு பக்கத்தில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் அது வருவது அரிது. காப்பீட்டுப் பிரிவில் கேட்டது ஒரே கேள்விதான்: “முதல் பிரீமியம் எப்போது கட்டினீர்கள் அம்மா?” மகள் அண்ணனை அழைத்துப் பேசினார். பழைய மின்னஞ்சலைத் தேடிப்பார்த்ததில் முதல் பாலிசி 10-06-2023 அன்று தொடங்கியது தெரிந்தது. ஆகவே 24 மாதம் முடிவது 09-06-2025. பதினைந்து மாதம் மூன்று மாதமாயிற்று.

மூன்று மாதம் காத்திருக்கலாமா என்பதை நோட்டு சொல்லாது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் அது அவசரநிலை. தேதி பார்க்காமல் உடனே வரவேண்டும். அப்போதும் 24 மாத விதி தளராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தளர்வு விபத்துக்கு மட்டுமே. அந்த மூன்று மாதத்துக்கு ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிவைப்பது இதனால்தான்.

ஜூன் 10ஆம் தேதி ஒரு நாள் மட்டுமன்று, புதுப்பிக்கும் நாளும் அதுவே. பிரீமியம் கட்டத் தவறினால் 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் முன்பு கழித்த காத்திருப்பு வீணாகாது. ஆனால் கட்டாமல் இருந்த அந்த இடைநாட்களில் நேர்ந்த சிகிச்சைக்குக் காப்பு இராது. ஜூன் 12 அன்று அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டு ஜூன் 20 அன்று பிரீமியம் கட்டினால் இரண்டாண்டுக் காத்திருப்பும் பயனில்லாமல் போகும்.

பெரியவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பாலிசி எடுக்கும்போதே அதைச் சொல்லியிருந்தார்கள். படத்தில் முன்பே இருந்த நோய்க்கு 48 மாதம் என்று இருந்தது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி இந்தக் காத்திருப்பு 36 மாதத்துக்கு மேற்படக் கூடாது. 48 என்ற எண்ணைக் கண்டால் அது பழைய தாளின் படமாக இருக்கலாம். கடைசியாகப் புதுப்பித்தபோது வந்த தாளைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்ணையே எழுதுங்கள். மங்கலான படத்தில் 24ஐ 48 என்றும் 36ஐ 30 என்றும் படித்தவர்களும் உண்டு. எண்ணால் எழுதியதன் பக்கத்தில் எழுத்தாலும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சர்க்கரைக்கு 36 மாதம் முடியவில்லை என்பதால் குடலிறக்கக் கோரிக்கையும் தள்ளுபடியாகுமா? ஆகக் கூடாது. `Excl01` அந்த நோயையும் அதன் நேரடிச் சிக்கல்களையும் மட்டுமே தடுக்கிறது. குடலிறக்கம் சர்க்கரையின் சிக்கல் அன்று. ஆயினும் `Excl02`இன் உள்ளே ஒரு சிறு வாசகம் இருக்கிறது: பெயர் குறிப்பிட்ட நோய், பாலிசி எடுக்குமுன்பே இருந்ததாகவும் ஆனால், இரண்டு காத்திருப்புகளில் நீண்டதே பொருந்தும். சுருக்கத் தாளின் படத்தில் இந்த வாசகம் தெளிவாக இருப்பதில்லை. பெரியவருக்கு வீக்கம் கண்டது எட்டு மாதம் முன்பு, பாலிசிக்குப் பின். ஆனால் சேர்க்கையின்போது எவரேனும் கேட்டால், “அது ரொம்ப நாளாக இருக்கிறதப்பா” என்று அவர் பொதுவாகச் சொல்லிவிடக்கூடும். அது நோய்வரலாற்றில் ‘பல ஆண்டுகளாக’ என்று பதிவானால் 24 மாதம் 36 மாதமாகும் வாசல் திறந்துவிடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையில் எந்த மாதம் முதல் என்று வீட்டிலேயே நினைவுகூர்ந்து, அதையே சொல்லுங்கள். முதலில் காட்டிய மருத்துவரின் சீட்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.

இன்னும் இரண்டு சூழல்களில் ஒரே தேதி போதாது. புதுப்பிக்கும்போது 2 லட்சத்தை 3 லட்சமாக உயர்த்தியிருந்தால், கூடுதலான 1 லட்சத்துக்குக் காத்திருப்பு அன்றுதான் தொடங்கும். நோட்டில் இரண்டு தொகைகள், இரண்டு தேதிகள் எழுத வேண்டும். ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குப் பாலிசியை முறைப்படி மாற்றியிருந்தால், பழைய இடத்தில் கழித்த காலம் பழைய தொகையளவுக்குச் சேரும். ஆனால் புதிய நிறுவனத்தின் திரை தன் தேதியையே காட்டும். பழைய பாலிசியின் தாளையும் வைத்திருங்கள்.

மகள் எழுதி முடித்த பக்கம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

அறை, உணவு, செவிலியர்: நாளுக்கு 4,000. மீறினால் மற்றவையும் குறையும். படம் 2.
கோ-பே: எல்லாக் கோரிக்கையிலும் 5 விழுக்காடு. படம் 3.
ஆம்புலன்ஸ்: ஒரு சேர்க்கைக்கு 2,000. படம் 2.
சேர்க்கைக்கு முன் 30 நாள், வீடு திரும்பிய பின் 60 நாள் செலவு: இதே நோய்க்கு மட்டும், ரசீதுடன். படம் 2.
குடலிறக்கம்: 24 மாதம். 10-06-2025 முதல். புதுப்பித்தால் மட்டும். படம் 4.
அப்பாவின் சர்க்கரை: படத்தில் 48, புதிய தாள் கேட்கவேண்டும்.
அம்மாவின் கண்புரை: ஒரு கண்ணுக்கு 40,000. 24 மாதம், அம்மா பெயர் சேர்த்த தேதி படத்தில் காணவில்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். தாயின் பெயர் முதலாண்டிலேயே சேர்ந்ததா, பின்னர் சேர்ந்ததா என்று படம் சொல்லவில்லை. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் காத்திருப்பு அவரவர் சேர்ந்த நாளிலிருந்தே எண்ணப்படும். விசாரித்ததில் தாயை ஓராண்டு கழித்தே, 10-06-2024 அன்று சேர்த்திருந்தார்கள். தந்தைக்கு ஜூனில் திறக்கும் கதவு தாய்க்கு அடுத்த ஆண்டு ஜூனில்தான் திறக்கும்.

மகனின் அலுவலகம் தரும் குழுக் காப்பீட்டில் பெற்றோர் பெயரும் இருக்கிறதா என்று அதே வேளையில் கேட்டுவிடுங்கள். பல அலுவலகப் பாலிசிகளில் காத்திருப்புக் காலம் தள்ளுபடி செய்யப்பட்டிருக்கும். ஆனால் பெற்றோருக்குத் தனி வரம்பும் கூடுதல் கோ-பேயும் இருக்கலாம். மகனின் திரையில் தெரிவது மகனுக்குரிய தொகையாகவும் இருக்கலாம். அதற்குத் தனிப்பக்கம் போடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பமாயின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் காத்திருப்புக் காலம் என்ற பேச்சே இல்லை. உங்கள் சிகிச்சை அத்திட்டத்தின் பட்டியலில் உள்ளதா, இந்த மருத்துவமனையில் கிடைக்குமா என்பதே அங்குள்ள கேள்வி.

‘படத்தில் காணவில்லை’ என்று எழுதிய வரிகளை நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். மின்னஞ்சலில் பாலிசி எண்ணும் பிரிவு எண்ணும் குறிப்பிட்டுக் கேளுங்கள். சுருக்கத் தாளும் பாலிசி ஆவணமும் முரண்பட்டால் ஆவணமே செல்லும் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே பதிலில் ஆவணத்தின் பிரிவைக் காட்டச் சொல்லுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டாலும் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் பெறுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்கு முறையிடலாம். மதுரை மாவட்டத்தாருக்கும் அதுவே உரிய அலுவலகம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. முறையீட்டோடு இணைக்க ஸ்கிரீன்ஷாட் போதாது. முழு ஆவணமும், எழுத்தில் வந்த பதிலும் வேண்டும்.